மூன்று அட்டை, ஒரே மருந்து: காய்ச்சல் மாத்திரை பற்றிய கேள்விகள்

கேள்வி: நாலு நாளாகக் காய்ச்சல். மருந்துக்கடையில் மூன்று அட்டை கொடுத்தார்கள். காய்ச்சலுக்கு 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. சளிக்கு ஒன்று, மூன்று வேளை. உடம்பு வலிக்கு ஒன்று, காலையும் இரவும். சொன்னபடியேதான் போட்டேன். இப்போது ஒரே குமட்டல். என் எடை 46 கிலோ. அட்டைகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படங்களைப் பார்த்தவுடனே, மூன்றையும் நிறுத்திவிட்டு அட்டைகளோடு மருத்துவமனைக்குப் போங்கள் என்று உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று கணக்கை இங்கே போடுகிறேன்.

காய்ச்சல் மாத்திரையில் பாராசிட்டமால் 650 மி.கி. ஒரு நாளைக்கு நாலு, ஆக 2,600. சளி மாத்திரையின் பின்பக்கத்தில் மூக்கடைப்பு மருந்துக்குக் கீழே பாராசிட்டமால் 500 என்று இருக்கிறது. மூன்று வேளைக்கு 1,500. வலி மாத்திரையிலும் 325 இருக்கிறது, இரண்டு வேளைக்கு 650. மொத்தம் 4,750 மி.கி. நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்துக்கு உச்ச அளவு 4,000 தான். எடை 50 கிலோவுக்குக் குறைந்தால் அதுவும் குறையும். கிலோவுக்கு 60 மி.கி. என்று வைத்தால் உங்களுக்கு ஏறக்குறைய 2,750. அதாவது அந்தக் காய்ச்சல் மாத்திரை ஒன்றே உங்கள் நாள் கணக்கைக் கிட்டத்தட்ட நிரப்பிவிட்டது. மீதி இரண்டும் அதற்கு மேல் ஏறியவை.

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. மூன்றையும் எடுத்துக் கொடுத்தவர் பின்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

குமட்டலை ஏன் காய்ச்சலின் அலுப்பு என்று விட்டுவிடக் கூடாது என்றால், பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தொந்தரவில்லாமல் வெளியேற்றிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதை அடக்க குளுட்டாதயோன் என்று ஒன்றைக் கல்லீரல் இருப்பு வைத்திருக்கிறது. அளவு மீறி மருந்து வந்துகொண்டே இருந்தால் இருப்பு தீர்ந்துபோகும், நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். நாலு நாள் சரியாகச் சாப்பிடாத உடம்பில் அந்த இருப்பு ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். முதல் நாளில் வெறும் குமட்டல், வாந்தி, சிலருக்கு அதுவும் இருக்காது. வலது விலாவுக்குக் கீழே வலியும் கண்ணில் மஞ்சளும் தெரிவதற்குள் பாதிப்பு நடந்து முடிந்திருக்கும். முறிமருந்து இருக்கிறது, அசெட்டைல்சிஸ்டீன் என்று பெயர். ஒரே தடவையில் அளவு மீறிப் போட்டவருக்கு எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். உங்களைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியவர்களுக்கு எப்போது ஏறியது என்றே தெரியாது, அதனால் சந்தேகம் வந்த உடனே போய் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பதுதான் வழி.

கேள்வி: மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. இன்னொன்று போட்டால் என்ன?

பதில்: போடாதீர்கள். குறைந்தது நாலு மணி நேரம் போக வேண்டும்.

கேள்வி: நாலு மணி நேரம் விட்டால் போதும் என்று அட்டையில் இருக்கிறது. நான் 500 மாத்திரை இரண்டிரண்டாக, சரியாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுகிறேன். இரவு 12 தாண்டினால் புதுக் கணக்குதானே?

பதில்: இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 1,000 என்றால் ஒரு நாளில் ஆறு தடவை, 6,000 மி.கி. இடைவெளியைக் காப்பாற்றிவிட்டு உச்ச அளவைத் தாண்டிவிட்டீர்கள். அதே அட்டையில் அடுத்த வரியிலேயே 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் போடாதே என்று இருக்கும், ஏன் அந்த ஒரு வரியோடு நிறுத்தினீர்கள்? இரண்டு மாத்திரை போடுகிறவர் நாலு தடவைக்கு மேல் போகவே முடியாது, அப்படியானால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வதுதான் ஒழுங்கு. நள்ளிரவுக்கும் கல்லீரலுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போது அந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் பின்னோக்கி எண்ணுங்கள். காய்ச்சலில் ஞாபகம் நிற்காது, போட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதி அட்டையோடு வையுங்கள். எத்தனை நாளாக இப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஒரே நாள்தான் என்றாலும் இன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குழந்தைக்குப் பழைய சிரப் தீர்ந்து புதிது வாங்கினேன். அதே கம்பெனி, அதே படம். வழக்கம்போல 7.5 மி.லி. கொடுக்கலாமா? எடை 12 கிலோ.

பதில்: பாட்டிலைத் திருப்பி, 5 மி.லி.யில் எத்தனை மி.கி. என்று பார்க்காமல் ஒரு சொட்டும் வேண்டாம்.

நான் இதில் மாட்டியவன். என் மகனுக்கு ஒருநாள் ராத்திரி அவசரமாக வாங்கி வந்த பாட்டிலில் அதே நிறம், அதே பூனைப் படம். ஊற்றிவிட்டு மூடியைத் துடைக்கும்போதுதான் 250 என்ற எண் கண்ணில் பட்டது. அதுவரை நாங்கள் வைத்திருந்தது 120. நல்லவேளை, அவன் வாயில் இன்னும் கொடுக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் போகவில்லை.

குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. ஒரு தடவைக்கு. 12 கிலோவுக்கு அதிகபட்சம் 180. பழைய 120 சிரப்பில் 7.5 மி.லி. சரியாக 180 தான். 250 சிரப்பில் அதே 7.5 மி.லி. 375 ஆகிவிடும், இரண்டு மடங்குக்கும் மேலே. அதில் 3.5 மி.லி. கொடுத்தாலே 175 போய்விடும். நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

இந்த விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. பெட்டியின் முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர் கட்டை விரல் தடிமனில் இருக்கும். உள்ளே என்ன மருந்து, எத்தனை மி.கி. என்பது பின்னால் எறும்பு வரிசைபோல ஓடும். போதாததற்கு ஒரே மருந்தைச் சில நாடுகளில் பாராசிட்டமால் என்றும் சில நாடுகளில் அசெட்டமினோஃபென் என்றும் அச்சடிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த சளி மாத்திரையில் இந்த இரண்டாவது பெயரைப் பார்த்தால் வேறு மருந்து என்றுதானே நினைப்போம்? வீரியம் இரட்டிப்பான சிரப்பை அதே உடையில் விற்பதை ஏமாற்று என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பாதி ராத்திரியில், அழுகிற குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மங்கிய விளக்கில் படிக்கிறவர்களுக்காகத்தான் அந்த எண்ணை முன்னால் பெரிதாகப் போட வேண்டும்.

கேள்வி: தினமும் குடிப்பேன். காய்ச்சலுக்கு முழு அளவு போடலாமா?

பதில்: கூடாது. அந்த 4,000 உங்களுக்கானது அல்ல. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லி, உங்கள் அளவை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிரப்போடு வந்த அளவு மூடி தொலைந்துவிட்டது. டீ ஸ்பூனில் ஊற்றலாமா?

பதில்: ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள்.