ஷார்ப் விகிதமும் விடுபட்ட நாள்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

லைவில் ஓடும் அல்கோவின் நாள் வருமானத்தை மொத்த முதலான 10 லட்சத்தால் வகுப்பதா, மார்ஜினாகக் கட்டிய 5 லட்சத்தால் வகுப்பதா? — ஈரோடு வாசகர்

எதால் வகுத்தாலும், அது எல்லா நாளும் மாறாத தொகையாக இருந்தால், ஷார்ப் விகிதம் மாறாது. நாள் வருமானத்தின் சராசரியை அதன் திட்ட விலக்கத்தால் வகுப்பதுதான் அந்த விகிதம்; 10-க்குப் பதில் 5 லட்சத்தால் வகுத்தால் இரண்டும் ஒன்றுபோல இரட்டிப்பாகும், அவ்வளவுதான். மார்ஜின் நாளுக்கு நாள் மாறுமானால் அதை வகுஎண்ணாக வைக்காதீர்கள். குறைந்த மார்ஜின் கட்டிய நாளின் சிறு லாபம்கூடப் பெரிய சதவீதமாகத் தெரியும். முந்தைய நாள் முடிவில் கணக்கில் இருந்த மொத்த முதலால் வகுப்பதே பாதுகாப்பானது. இடையில் பணம் போட்டாலோ எடுத்தாலோ, அந்தத் தொகையை நீக்கிய பிறகே நாள் வருமானத்தைக் கணக்கிட வேண்டும்.

என் அல்கோ வார எக்ஸ்பைரி நாளில் மட்டும் இயங்குகிறது. ஓராண்டில் ஷார்ப் விகிதம் 4.7 வந்திருக்கிறது. முதலை மும்மடங்காக்கலாமா? — கோயம்புத்தூர் வாசகர்

மாதந்தோறும் இதே பிழையுடன் குறைந்தது இரண்டு கடிதங்கள் வருகின்றன. போன முறையும் எழுதினேன், அதற்கு முன்பும் எழுதினேன். ஆகவே இம்முறை உங்கள் எண்களையே எடுத்துக்கொண்டு முழுவதுமாகச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய தாளில் 50 வரிகள் இருக்கின்றன. அந்த 50 நாள்களின் சராசரி வருமானம் 0.3 சதவீதம், திட்ட விலக்கம் 1 சதவீதம். ஆகவே ஒரு நாளின் விகிதம் 0.3. அதை ஆண்டு அளவுக்கு மாற்ற, வழக்கப்படி 250-இன் வர்க்கமூலமான 15.8-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள், 4.7 அப்படித்தான் வந்தது. ஆனால் 250-இன் வர்க்கமூலத்தால் பெருக்குவதன் பொருள், அந்த 0.3 ஆண்டின் 250 சந்தை நாள்களிலும் கிடைத்தது என்பதாகும். உங்களுக்கு அது 50 நாள்களில்தான் கிடைத்தது.

திருத்த இரண்டு வழிகள் உண்டு. ஆண்டில் இயங்கிய நாள்கள் 50 என்பதால் 50-இன் வர்க்கமூலமான 7.1-ஆல் பெருக்கலாம், விடை 2.1. அல்லது இயங்காத 200 நாள்களையும் சுழி வருமானத்துடன் தாளில் சேர்க்கலாம். அப்போது சராசரி 0.06 சதவீதமாகவும் திட்ட விலக்கம் 0.46 சதவீதமாகவும் இறங்கும். நாள் விகிதம் 0.13, அதை 15.8-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.1. இரு வழிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்பதே கணக்குச் சரி என்பதற்கு அடையாளம். நான் இரண்டாவது வழியையே விரும்புகிறேன். ஆண்டு முழுதும் இயங்கும் வேறோர் அல்கோவுடன் ஒப்பிடும்போதோ, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கும்போதோ அதுதான் உதவும்.

```python
r = r.reindex(trading_days, fill_value=0)
sharpe = r.mean() / r.std() * 250**0.5
```

இதில் `trading_days` என்பது சந்தை திறந்திருந்த நாள்களின் பட்டியல். ஒன்றை மறக்க வேண்டாம்: கையில் எந்தப் பொசிஷனும் இல்லாத நாளுக்கு மட்டுமே சுழி போடலாம். பொசிஷன் திறந்திருந்து, சர்வர் நின்றதால் பதிவு விடுபட்ட நாளுக்குச் சுழி போட்டால் ஒரு பிழையை நீக்கி இன்னொன்றைச் சேர்த்தவர் ஆவீர்கள்.

முதலை மும்மடங்காக்குவது பற்றி இந்த எண்ணை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

60 நாளில் 12 நாள் மட்டுமே நஷ்டம். சார்டினோ விகிதம் 30-ஐத் தாண்டுகிறது. சரிதானா? — திருச்சி வாசகர்

இல்லை. நஷ்ட நாள்களை மட்டும் தனியே பிரித்து, அவற்றின் திட்ட விலக்கத்தை எடுத்திருக்கிறீர்கள். உங்கள் ஸ்டாப்லாஸ் ஒவ்வொரு முறையும் 1 சதவீதத்தை ஒட்டியே அறுந்திருக்கிறது. ஒரே அளவு நஷ்டங்களுக்குள் விலக்கம் ஏறத்தாழ சுழியாகத்தான் இருக்கும். சுழிக்கு அருகிலான எண்ணால் வகுத்தால் விடை எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். நஷ்டங்களின் வர்க்கங்களைக் கூட்டி, 12-ஆல் அல்லாமல் 60-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். உங்களுக்கு அது 0.45 சதவீதம் வரும். மீண்டும் சொல்கிறேன், எல்லா நாள்களும் கணக்கில் இருக்க வேண்டும்.

புரோக்கர் அறிக்கையில் வரும் ரியலைஸ்டு லாபத்தையே நாள் வருமானமாக எடுக்கலாமா? — மதுரை வாசகர்

கூடாது. திங்கள் விற்ற ஸ்ட்ராங்கிளை வியாழன் முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாள் முடிவு விலையிலும் மதிப்பிட்டால் வருமானம் முறையே −1.2, −0.8, +0.9, +1.5 சதவீதம். அறிக்கையோ முதல் மூன்று நாளும் சுழி, வியாழன் +0.4 என்று காட்டும். கூட்டுத்தொகை ஒன்றே, ஆனால் செவ்வாய் மாலை நீங்கள் 2 சதவீத நஷ்டத்தில் உட்கார்ந்திருந்தது அதில் எங்கும் இல்லை. திட்ட விலக்கம் சுருங்கி விகிதம் வீங்குகிறது.

வர்த்தகம் மெலிந்த ஸ்டிரைக்குகளில் கடைசியாக நடந்த பழைய விலையை முடிவு விலையாக எடுத்தாலும் கெடுதல் இதே வகைதான்: இன்றைய அசைவின் ஒரு பகுதி நாளைய வருமானத்தில் போய்ச் சேருகிறது. அடுத்தடுத்த நாள்கள் இப்படி ஒன்றையொன்று தொடரும்போது வர்க்கமூலப் பெருக்கலே செல்லாது. ஹெட்ஜ் ஃபண்டுகளின் மாத வருமானத்தில் உள்ள இத்தகைய தொடர்பால் ஆண்டு ஷார்ப் விகிதம் 65 சதவீதம் வரை மிகையாகத் தெரியலாம் என்று நிதிப் பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ லோ 2002-இல் காட்டினார். உங்கள் வருமான வரிசையை ஒரு நாள் தள்ளி, அதனுடனேயே ஒட்டுறவு பாருங்கள். அது சுழியிலிருந்து தெளிவாக மேலே நின்றால், முதலில் விலைகளைச் சந்தேகியுங்கள்.

ஆப்ஷன் விற்கும் அல்கோ. 120 நாள், ஷார்ப் விகிதம் 10. இதிலும் குறை காண்பீர்களா? — சேலம் வாசகர்

உங்கள் கணக்கில் குறை இல்லை. சராசரி 0.2, திட்ட விலக்கம் 0.3, விகிதம் 10.5. இப்போது 121-ஆம் நாளாக −9 சதவீதத்தைச் சேர்த்துப் பாருங்கள். சராசரி 0.12 ஆகும், திட்ட விலக்கம் 0.89 ஆகும், விகிதம் 2.2-க்கு வந்துவிடும். ஒரே நாள். 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவு வெளியான நாளில், நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. அதுபோன்ற ஒரு நாள் உங்கள் 120-க்குள் இல்லை. ஆப்ஷன் விற்றுப் பிரீமியம் வசூலிக்கும் உத்தியில் பெரிய நஷ்டம் அரிதாகத்தான் வரும்; அது வரும்வரை திட்ட விலக்கத்தால் அதைப் பார்க்க முடியாது. அந்த ஜூன் 4-இன் விலைகளில் உங்கள் இன்றைய பொசிஷனை ஓட்டி, கிடைக்கும் நஷ்டத்தை விகிதத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மூன்று மாத லைவில் ஷார்ப் விகிதம் 3. நம்பலாமா? — சென்னை வாசகர்

60 நாள் போதாது. ஆண்டு விகிதத்தின் பிழை அளவு தோராயமாக, 250-ஐ நாள்களின் எண்ணிக்கையால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். உங்களுக்கு அது 2. உண்மை விகிதம் 1 ஆகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம். விகிதம் 1 உள்ள உத்தியைச் சுழியிலிருந்து ஓரளவு உறுதியாகப் பிரித்தறியவே நான்கு ஆண்டுகள் வேண்டும்.

அப்படியானால் இரண்டு ஆண்டு பேக்டெஸ்ட்டையும் மூன்று மாத லைவையும் ஒரே வரிசையாக இணைத்து விகிதம் எடுக்கலாமா? — அதே வாசகர்

கூடாது. 500 நாள் பேக்டெஸ்ட்டுக்குள் 60 நாள் லைவ் கரைந்து போகும். ஸ்லிப்பேஜ் எவ்வளவு தின்கிறது என்பது அந்த 60 நாளில்தான் தெரியும். இரண்டுக்கும் தனித்தனியே எடுத்து, லைவ் ஓடிய அதே 60 நாளுக்குப் பேக்டெஸ்ட்டையும் ஓட்டி, நாள்வாரியாகக் கழித்துப் பாருங்கள்.