ஜாதிக்காய்ப் பொடி: உரைகல்லுக்கும் கரண்டிக்கும் உள்ள தூரம்

கேள்வி: தூக்கம் வரவில்லை என்றால் ஜாதிக்காய்ப் பொடியைப் பாலில் கலந்து குடிக்கலாமா? அளவு கூடினால் விஷம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பிரியாணி மசாலாவில் சேரும் ஒரு சிட்டிகையால் ஒன்றும் ஆகாது. ஏறத்தாழ 5 கிராமைத் தாண்டினால், அதாவது ஒரு முழுக்காயின் பொடி ஒரே வேளையில் வயிற்றுக்குள் போனால், நஞ்சின் அறிகுறிகள் தொடங்கக்கூடும்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் தென்னைக்கு நடுவே நான்கு ஜாதி மரங்கள் நிற்கும் வீடு எங்களுடையது. என் பாட்டி பிள்ளைகளுக்கு உரைமருந்து கொடுக்கும்போது காயைக் கல்லில் இரண்டு இழை இழைப்பார். அதே காய் மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்து ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கும். (கைக்குழந்தைக்கு அதையும் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.) மிக்சி வந்த பிறகு அதே காய் கரண்டிக் கணக்கில் உள்ளே போகத் தொடங்கியதுதான் சிக்கல்.

என் தாய்மாமா மூன்று ஆண்டுகளுக்கு முன் இரவு எட்டரை மணிக்கு இரண்டு கரண்டிப் பொடியைச் சூடான பாலில் கலக்கிக் குடித்தார். இரண்டு மணி நேரமாகியும் தூக்கம் வராததால் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். ஜாதிக்காயின் வேலை பொதுவாக 3 முதல் 6 மணி நேரம் கழித்தே தெரியவரும் என்பதால், ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று மறுபடி எடுப்பதே பலரும் செய்யும் பிழை. நள்ளிரவு ஒரு மணிக்கு, "மக்களே, வெள்ளம் கொண்டா, நெஞ்சு படபடன்னு அடிக்கிது" என்று அவர் கூப்பிட்டபோது முகம் சிவந்திருந்தது, நாக்கு அண்ணத்தில் ஒட்டும் அளவுக்கு வாய் வறண்டிருந்தது. வாந்தி எடுத்தார், சுவர் நெளிவதாகச் சொன்னார், தாம் சாகப்போவதாக உறுதியாக நம்பினார். இந்த மரண பயம் ஜாதிக்காய் நஞ்சில் பலருக்கும் வருவது. மாரடைப்பு என்று நினைத்துத்தான் மருத்துவமனைக்கு ஓடினோம். ஈசிஜியில் துடிப்பு வேகமாக இருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. இரவு என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் இரண்டாம் முறை கேட்டபோதுதான் அத்தைக்குப் பொடி நினைவுக்கு வந்தது.

மூன்று குவித்த கரண்டி என்றால் சுமார் 10 கிராம். காயில் ஆவியாகும் எண்ணெய் பத்தில் ஒரு பங்கு, அந்த எண்ணெயில் நஞ்சுக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படும் மிரிஸ்டிசின் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் அவர் உடலில் ஏறியது ஏறத்தாழ 100 மில்லிகிராம். மிரிஸ்டிசின் கல்லீரலில் மாற்றமடைந்து ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து வகைப் பொருளாகி மூளையைக் கிளறுகிறது என்பது பழைய விளக்கம். மனித உடலில் அது உறுதிப்படவில்லை. பிரித்தெடுத்த மிரிஸ்டிசினை மட்டும் கொடுத்தால் முழுக்காயின் விளைவு அப்படியே வருவதில்லை என்பதால், உடனிருக்கும் எலெமிசின், சாஃப்ரோல் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பவும் முடியாது, ஏனென்றால் காய்க்குக் காய் எண்ணெய் மாறும். புழு அரித்த காயை வியாபாரி எடுக்கமாட்டார். அதனால் அதுதான் வீட்டில் தங்கி மிக்சிக்குப் போகும். ஆனால் புழு காயின் மாவையும் கொழுப்பையும் தின்றுவிட்டு எண்ணெய் உள்ள பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால், எடைக்கு எடை பார்த்தால் சொத்தைக் காயில் ஆவியாகும் எண்ணெய் அதிகம். எண்ணெய் வடிப்பவர்கள் அந்தக் காயைத் தேடி வாங்குவது அதற்காகத்தான். மாமா குடித்ததும் சொத்தைக் காய்ப் பொடி. சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்த காயில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வேறு சேரும்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. மாமாவுக்குக் குளுக்கோஸ் ஏற்றி, பதற்றம் தணிய ஓர் ஊசி போட்டு, இதயத் துடிப்பைக் கவனித்தபடி வைத்திருந்தார்கள். சிறுநீர் பிரியாமல் அடைபடக்கூடும் என்பதால் அதையும் நர்ஸ் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் முழுவதும் அரைமயக்கத்தில் கிடந்து, இரண்டாம் நாள் மாலையில்தான் தெளிந்தார். உயிரிழப்பு மிக அரிது. ஆனால் சிறுவர்களுக்கும், மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இந்த விஷப்பரீட்சை கூடவே கூடாது. யாராவது அதிகம் விழுங்கிவிட்டால் வீட்டில் வாந்தி எடுக்க வைக்காமல், பொடி டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எத்தனை கரண்டி என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம் மாவட்டத்தில் கிராம்பு விளைவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழம்பில் போடும் கிராம்பு வேறு, பல்வலிக்கு வைத்திருக்கும் கிராம்பு எண்ணெய் வேறு. அந்த எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனால். சின்னக் குழந்தை 5 முதல் 10 மில்லிலிட்டர் குடித்துவிட்டால் வலிப்பும் மயக்கமும் வந்து கல்லீரல் கெடும். ஜாதிக்காயைப் போல இரண்டு நாளில் தானாகத் தெளியும் என்று அதில் காத்திருக்க முடியாது. எங்கள் வீட்டில் அந்தக் குப்பி இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.