கூகுள் மேப்பில என்ர பேரில நிக்கிற ரிவியூவை எடுக்கிறது எப்பிடி? கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, 2019ல ஒரு தையல் கடைக்கு கோவத்தில ஒரு ஸ்டார் குடுத்து எழுதினனான், இப்ப அந்தக் கடைக்காரற்ற மகளும் என்ர மகளும் ஒரே வகுப்பு. என்ர முழுப் பேரோட கிடக்குது. அழிக்கப் போனா மூண்டு புள்ளியை அமத்தேக்க Report review எண்டுதான் வருது, Delete இல்லை. ஏன்?

பதில்: Report review எண்டு வந்தா கூகுள் உங்களை அதை எழுதின ஆளா பார்க்கேல்லை எண்டு அர்த்தம். எழுதின அக்கவுண்டுக்குள்ள நிண்டு பார்த்தா அதே மூண்டு புள்ளியில Edit review, Delete review எண்டு ரெண்டும் வரும். ரிவியூ ஒட்டிக்கொண்டு இருக்கிறது உங்கட பேரில இல்லை, நீங்க அண்டைக்கு எந்த ஜீமெயில்ல இருந்தனீங்களோ அதில. நான் இந்தப் பக்கத்து சின்னக் கடையளுக்கு கூகுள் லிஸ்டிங் பார்த்துக் குடுக்கிறனான், ரிவியூவை அழிக்க ஏலாம இருக்கு எண்டு என்னட்ட வாற ஆக்களில அனேகம் பேருக்கு இதுதான் சிக்கல்: ஒரே பேரில ரெண்டு மூண்டு ஜீமெயில், பழைய ஃபோன்ல ஒண்டு, வேலைக்கு ஒண்டு, பிள்ளையின்ர ஸ்கூல் விசயத்துக்கு எண்டு திறந்தது ஒண்டு.

முதல்ல அது எந்த அக்கவுண்ட் எண்டு பிடியுங்கோ. அந்த ரிவியூவில உங்கட பேருக்கு மேல அமத்துங்கோ, அதே அக்கவுண்டில இருந்து வேற எங்கெங்க எழுதியிருக்கு எண்டு ஒரு பக்கம் திறக்கும். உதாரணத்துக்கு அதில திருகோணமலை ஹோட்டல் ஒண்டுக்கு எழுதினது இருந்தா, அந்தப் பயணத்துக்கு எந்த ஃபோன் கொண்டு போனனான் எண்டு யோசிச்சா பாதி விடை அங்கயே வந்திடும். மற்றது, கடைக்காரர் உங்கட ரிவியூவுக்குப் பதில் எழுதியிருந்தா அந்த நேரம் கூகுளிட்ட இருந்து உங்களுக்கு ஒரு மெயில் வந்திருக்கும். ஒவ்வொரு ஜீமெயில்லயும் கடையின்ர பேரைப் போட்டுத் தேடுங்கோ, எந்த இன்பொக்ஸில அந்த மெயில் கிடக்குதோ அதுதான் ஆள்.

பிடிச்சோண்ண மேப் அப்பில மேல வலப்பக்கம் இருக்கிற வட்டத்தை அமத்தி அந்த அக்கவுண்டுக்கு மாறுங்கோ. பிறகு கீழ Contribute, அதுக்குள்ள View your profile, கீழ இறங்கினா See all reviews, அந்தக் கடைக்குப் பக்கத்தில மூண்டு புள்ளி, Delete review. கொம்பியூட்டரில எண்டா இடப்பக்க மெனுவில Your contributions, பிறகு Reviews. அழிக்க முதல் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, ஏனெண்டா அழிச்சதைத் திரும்ப எடுக்க ஏலாது, கடைக்காரர் கீழ எழுதின பதிலும் அதோடயே போயிடும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? கூகுள்ல பேர மாத்திட்டா பழைய ரிவியூல எல்லாம் பேர் மாறிடும். நான் அப்படித்தான் செஞ்சேன், இப்ப என் பேரே இல்ல.

பதில்: பேர் மாறும் எண்டது சரி தம்பி, பழைய ரிவியூவிலயும் புதுப் பேர்தான் காட்டும். ஆனா அக்கவுண்டின்ர பேரை மாத்தினா ஜீமெயில்ல நீங்க அனுப்புற மெயிலிலயும் அந்தப் பேர்தான் போகும், வேலைக்கு அப்ளிகேஷன் அனுப்பேக்க அது தெரியும், ஒருக்கா அனுப்பிப் பாருங்கோ. அதோட எழுத்தும் ஸ்டாரும் அப்பிடியே நிக்குது, கடைக்காரர் முதலே உங்கட பேரைப் பார்த்திருந்தா அவருக்கு அது யார் எண்டு இப்பவும் தெரியும். ப்ரொஃபைலை மூடி வைச்சா என்ன எண்டும் சில பேர் கேக்கிறவை. மூடினா உங்கட பேரை அமத்தி உள்ள வாற ஆக்களுக்கு உங்கட மற்ற ரிவியூக்கள் தெரியாது, அவ்வளவுதான், கடைப் பக்கத்தில ரிவியூ கிடக்கும். அதில இருந்து போக வேணும் எண்டா அழிக்கத்தான் வேணும்.

கேள்வி (தெஹிவளை): நாங்க சின்னதா ஒரு பேக்கரி வச்சிருக்கோம். ஒருத்தர் வராமலே வந்த மாதிரி எழுதி ஒரு ஸ்டார் போட்டுட்டார். அத எப்படி டிலீட் பண்றது?

பதில்: இது நான் இங்க சொல்ற விசயம் இல்லை, நான் சொல்றது அவையவை தாங்களே எழுதினதை அழிக்கிறது. மற்ற ஆள் எழுதினதை அழிக்கிற பட்டன் லிஸ்டிங் ஓனருக்கும் இல்லை. Report review குடுத்து கூகுளின்ர முடிவைப் பார்க்கலாம், கீழ மரியாதையா ஒரு பதில் போடலாம், அந்தத் திகதியில இப்பிடி ஒரு ஓடர் எங்களிட்ட இல்லை எண்டு எழுதுங்கோ. உங்கட விசயத்துக்கு வேற ஒரு நாள் ஆறுதலா இருந்து பதில் சொல்றன்.

கேள்வி (பம்பலப்பிட்டி): நான் முன்னம் வேலை செஞ்ச இடத்தில தந்த மெயிலால ஒரு க்ளினிக்குக்கு எழுதிட்டன், என்ர பேரும் என்ர வருத்தமும் ரெண்டும் அதில இருக்கு. வேலையை விட்டு ரெண்டு வருசம், அந்த மெயிலுக்குள்ள போக ஏலாது. பாஸ்வேட் மறந்தா g.co/recover க்கு போகச் சொல்றாங்க, போனன், சரி வரேல்லை.

பதில்: சரி வராது அக்கா, உங்களில பிழை இல்லை. சொந்த ஜீமெயில் எண்டா அந்தப் பக்கம் நல்லது, முந்திப் பாவிச்ச அதே ஃபோன்ல, வழக்கமா இருக்கிற வீட்டு வைஃபையில இருந்து முயற்சி செய்தா கிடைக்கிற வாய்ப்பும் கூட. ஆனா கம்பனி தந்த மெயில் கம்பனியின்ர சொத்து, பாஸ்வேட்டை மாத்தித் தர ஏலும் எண்டா அவையின்ர ஐடி ஆளுக்குத்தான் ஏலும்.

அதால நீங்க செய்ய வேண்டியது அந்த ஐடி ஆளுக்கோ எச்ஆருக்கோ ஒரு சின்ன மெயில். வருத்தத்தைப் பற்றி ஒண்டும் எழுதத் தேவையில்லை. "இந்த அக்கவுண்டில என்ர சொந்த விசயம் ஒண்டு பப்ளிக்கா நிக்குது, அதை அழிக்க மட்டும் அரை மணித்தியாலம் திறந்து தாங்கோ, உங்களுக்குப் பக்கத்தில இருந்தே செய்யிறன்" எண்டு கேளுங்கோ. பக்கத்தில இருந்து செய்யிறன் எண்டதுதான் முக்கியம், ஒஃபிஸ் மெயிலை வாசிச்சுப் போடுவா எண்டதுதான் அவையின்ர பயம். போனா நேரா மேப்புக்குள்ள போய் அதை அழிச்சுப் போட்டு, வெளியில வர முதல் வேற இடங்களுக்கு எழுதினது கிடக்கோ எண்டும் பாருங்கோ.

அவை மறுத்தா, அந்த ரிவியூவை வெளியில இருந்து Report review எண்டு குடுக்கலாம், தனிப்பட்ட விபரம் இருக்கு எண்டு ஒரு காரணம் அதில வரும். எடுப்பினம் எண்டு உங்களுக்கு வாக்குக் குடுக்க ஏலாது எனக்கு. உடம்பு விசயம் எழுதேக்க சொந்த மெயிலில இருந்து எழுதுங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லவேணும் போல இருக்கு, உங்கட மாதிரி இதால அந்தரப்பட்ட வேற ஆக்களும் என்னட்ட வந்திருக்கினம்.

கேள்வி (மருதானை): ஃபோன் ரிபெயார் கடை ஒண்டுக்கு இரண்டு ஸ்டார் போட்டேன், எழுதினது எல்லாம் உண்மை. இப்ப கடை நாநா கோல் எடுத்து, ரிவியூவ அழிச்சா காச திருப்பித் தாறேன்டு சொல்றார். எடுக்கலாமா?

பதில்: காசோ டிஸ்கவுண்டோ குடுத்து கூடாத ரிவியூவை அழிக்கச் சொல்றது கூகுளின்ர விதிக்கு எதிரானது, ஓனருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். நீங்க அவரிட்ட அதைச் சொல்லுங்கோ, வேலை சரியா நடக்காததுக்கு காசு திருப்பித் தாறது வேற, அது உங்களுக்கு வரவேண்டியது. காசை வாங்கிக்கொண்டு ரிவியூவை எடிட் செய்து கீழ ஒரு வரி போடலாம்: "பிறகு கடைக்காரர் காசைத் திருப்பித் தந்தார்." எடிட் செய்தா அவரிண்ட பதில் கீழ அப்பிடியே நிக்கும். எனக்கு அழிக்கிறதை விட இது நேர்மையாப் படுது, அடுத்து அந்தக் கடைக்குப் போற ஆளுக்கு முழுக் கதையும் கிடைக்கும்.

மறு கேள்வி (மருதானை): நீங்க சொல்றது சரி, ஆனா நான் டெய்லி அந்தக் கடைக்கு முன்னால தான் போறேன், நோம்புக்கும் சந்திக்கிறோம். ஒரு வரி கூட இருந்தா அவருக்கு கோவம் தான்.

பதில்: அது உங்கட முடிவு, நான் அதில வற்புறுத்த மாட்டன். அழிச்சா காசு வாங்காம அழியுங்கோ எண்டு மட்டும் சொல்றன்.

கேள்வி (வெள்ளவத்தை, முதல்ல கேட்ட அக்கா): கண்டுபிடிச்சிட்டன்! பழைய சம்சுங்கில இருந்த ஜீமெயில். அழிச்சிட்டன், ஆனா இவற்ற ஃபோன்ல இன்னும் தெரியுது, நான் எடுத்த பிளவுசின்ர ஃபோட்டோவும் கிடக்குது.

பதில்: நல்லது! அவரிண்ட ஃபோன்ல பழைய பக்கம் தேங்கி நிக்குதாக்கும், மேப் அப்பை மூடித் திறக்கச் சொல்லுங்கோ. உண்மையில போயிட்டுதோ எண்டு பார்க்க, ப்ரவுசரில இன்கொக்னிட்டோ திறந்து ஒரு அக்கவுண்டிலயும் லொகின் பண்ணாம கடையைத் தேடுங்கோ. Reviews இல Newest எண்டு அடுக்கிப் போட்டு 2019 வரைக்கும் இறங்குங்கோ, அங்க இல்லையெண்டா ஊருக்கும் இல்லை. சராசரி ஸ்டார் மாற கொஞ்சம் பிந்தலாம், அதைப் பார்த்துக் குழம்பாதேங்கோ.

ஃபோட்டோவுக்கு திரும்ப அதே அக்கவுண்டில Contribute, View your profile போய் Photos பகுதியைப் பாருங்கோ, அங்க கிடந்தா அதைத் தனியா அழிக்க வேணும். ஃபோட்டோவில உங்கட பேரும் காட்டும், அதால அதை விட்டிடாதேங்கோ.

இன்னொண்டு மனசில வைச்சிருங்கோ. புது ரிவியூ வந்தா கடைக்காரருக்கு மெயிலில அறிவித்தல் போறது வழக்கம், நீங்க எழுதினது அவரிண்ட இன்பொக்ஸில 2019ல இருந்தே கிடக்கலாம், அதை எங்களால எடுக்க ஏலாது. மகள்மார் ஒரே வகுப்பு எண்டா, ஸ்கூல் வாசலில காணேக்க நீங்களே "அண்டைக்கு கொஞ்சம் கூடவா எழுதிப்போட்டன், எடுத்திட்டன்" எண்டு சொல்லலாம். அந்த பிளவுசுக்கு என்ன நடந்தது எண்டு மட்டும் எனக்குச் சொல்லுங்கோ, கை அளவு பிழைச்சதோ?