ஐந்து வாரமாகியும் அவர் வீட்டில் விருந்தாளி போல இருக்கிறேன்

கேள்வி: திருமணமான மூன்றாவது மாதமே கணவர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். 14 மாதம், தினமும் இரண்டு மணி நேரம் போனில் பேசினோம். என் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து 5 வாரம் ஆகிறது. இப்போது ஒரு நாளைக்கு இருபது நிமிடம்கூடப் பேசுவதில்லை. எதைத் தொட்டாலும் "அது அங்கேதான் இருக்கணும்" என்கிறார். போனில் பேசியவர் வேறு ஆளா? நான் என்ன செய்வது?

பதில்: போனில் பேசியவரும் இவரும் ஒரே ஆள்தான். ஆனால் போனில் அவருடைய நல்ல நேரம் மட்டும்தான் உங்களுக்கு வந்துகொண்டிருந்தது. உங்களுடையதும் அவருக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கும். களைத்துப்போன நாளில் "தலை வலிக்குது, நாளைக்குப் பேசலாமா" என்று வைத்துவிடலாம். கோபம் வந்தால் அரை மணி கழித்து அழைக்கலாம். ஒரே வீட்டில் அதற்கு வழியில்லை. இன்னொன்று, தூரத்தில் இருக்கும்போது எதையும் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. காலையில் என்ன நடந்தது, மேலதிகாரி என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் சொல்வோம். சேர்ந்து வாழ ஆரம்பித்ததும், "அதான் பக்கத்திலேயே இருக்கிறாளே" என்று அந்தப் பழக்கம் தானாக நின்றுபோகிறது. பேச்சு குறைந்ததை வைத்து அன்பு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வெகுநாள் பிரிந்திருந்து ஒரே ஊருக்கு வந்து சேர்ந்த காதலர்களிடம் லாரா ஸ்டாஃபோர்டும் சக ஆய்வாளர்களும் பேசி, 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதத்துக்குள் பிரிந்துவிட்டார்கள். அவர்கள் திருமணமாகாதவர்கள், அதனால் அந்தக் கணக்கை உங்கள் மேல் போட்டுப் பார்க்க வேண்டாம். சேர்ந்த பிறகு என்ன மாறியது என்று அவர்கள் சொன்னதுதான் நமக்கு முக்கியம்: தன் இஷ்டப்படி இருந்த நேரம் போய்விட்டது, சண்டை கூடிவிட்டது, தெரியாத குணங்கள் தெரியவந்தன. தனியாக வாழ்ந்து பழகியவருக்கு, தான் ஆசைப்பட்டுக் கூப்பிட்ட ஆளே வந்து நின்றாலும் கொஞ்ச நாள் மூச்சுமுட்டும். "அங்கேதான் இருக்கணும்" என்று உங்கள் கணவர் சொல்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். யாரும் இல்லாத 14 மாதத்தில் அந்த ஒழுங்குதான் அவரைத் தாங்கியிருக்கும்.

என்னிடம் வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தினமும் மாலை ஆறு மணிக்குச் சண்டை வரும். விளக்கை அணைக்கவில்லை, ஈரத் துண்டு நாற்காலியில் கிடக்கிறது என்று ஏதாவது ஒரு சின்ன விஷயம்தான். இருவருடைய நாளையும் மணிவாரியாக எழுதச் சொன்னேன். கணவருக்கு ஆறு மணி என்பது நாள் முடிகிற நேரம். ஒன்பது மணி நேரம் அந்நிய மொழியில் பேசிவிட்டு வருகிறவர், வாயைத் திறக்காமல் சற்று உட்கார வேண்டும் என்று ஏங்கினார். மனைவிக்கு அதே ஆறு மணிதான் நாள் தொடங்கும் நேரம். காலையிலிருந்து அவர் ஒரு மனித முகத்தைக்கூடப் பார்த்துப் பேசியிருக்கவில்லை. கதவு திறக்கும் சத்தத்துக்காகவே நான்கு மணியிலிருந்து காத்திருப்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. இரண்டு பசியும் ஒரே நேரத்தில் மோதின.

அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. வந்ததும் முப்பது நிமிடம் அவர் தனியாக இருப்பார், யாரும் எதுவும் கேட்பதில்லை. அது முடிந்ததும் நாற்பது நிமிடம் இருவரும் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பேசுவார்கள். அந்தப் பேச்சை அவர்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் காத்திருக்கிற வேலை எப்போதும் ஒருவர் தலையிலேயே விழக் கூடாது. மனைவியும் மாலை நான்கு மணிக்கு வீட்டைவிட்டு வெளியே போவதை வழக்கமாக்கிக்கொண்டார். நூலகம், மொழி வகுப்பு, ஒன்றும் இல்லையென்றால் நடை. ஆறு மணிக்கு அவரிடமும் சொல்ல ஏதாவது இருந்தது. முதல் வாரம் இரண்டு நாள் ஏற்பாடு உடைந்தது; மூன்றாவது வாரத்தில் ஆறு மணிச் சண்டை நின்றுவிட்டது. மற்ற சண்டைகள் இருந்தன, அது வேறு.

நீங்களும் முதலில் இருவருடைய நாளையும் எழுதிப் பாருங்கள். எந்த மணியில் உரசல் வருகிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் வீடு. அவர் அமைத்த வீட்டில் உங்களுக்கு ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கித் தருவது போதாது. ஒரு சனிக்கிழமை இருவருமாக ஓர் அறையை மொத்தமாகக் காலி செய்து, திரும்ப அடுக்குங்கள். எது எங்கே என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யும்போதுதான் "என் வீட்டில் நீ" என்பது மாறும். அவர் மறுத்தால், எந்த மூன்று பொருள் மட்டும் இடம் மாறக் கூடாது என்று கேளுங்கள். அதை மதித்துவிட்டு மீதியைப் பேசுங்கள்.

பணத்தை நான் தள்ளிப்போட விட மாட்டேன். நேற்றுவரை சம்பளம் வாங்கியவர் இன்று ஒரு பஸ் டிக்கெட்டுக்குக் கேட்டு நின்றால், மனக்கசப்பு மெதுவாகத் தேங்கும். கணக்கில் உங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று வங்கியில் விசாரியுங்கள். அதற்கு நாளாகும் என்றால், மாதத் தொடக்கத்தில் ஒரு தொகை உங்கள் கைக்கு வரட்டும். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

வேலை தேடும் முன் உங்கள் டிபெண்டண்ட் விசாவின் நிபந்தனையைப் படியுங்கள். சில நாடுகளில் உடனே வேலை செய்யலாம், சில நாடுகளில் தனி அனுமதி வேண்டும், சிலவற்றில் முடியவே முடியாது. பழைய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுப்பதும் சில இடங்களில் அனுமதி தேவைப்படும் வேலையாகக் கருதப்படலாம். குடிவரவு அலுவலகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எத்தனை நாளில் சரியாகும்? 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டவரிடம் விசாரித்தபோது, அங்கே 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் இருந்தவர்களே அதிகம் தடுமாறியிருந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் இது எல்லோருக்கும் பொருந்தாது என்று காட்டின, எனவே இதை நாள்காட்டியாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் உங்கள் கணவர் அங்கே போய் இப்போதுதான் 15 மாதம் ஆகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். "ஊன்றிவிட்டவர்" என்று நீங்கள் நினைக்கிற அவரும் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கலாம். இன்று அவரிடம், "நான் வருவதற்கு முன் இங்கே உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்த வாரம் எது?" என்று கேளுங்கள். போனில் சொல்லாத ஒன்று வெளியே வரக்கூடும்.

இதையெல்லாம் இரண்டு மூன்று மாதம் செய்தும் தினமும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை என்று தொடர்ந்தால் அங்குள்ள மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். இருவரும் சேர்ந்து வருவது நல்லது. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது, கையில் பணமே தராதது, வீட்டாரோடு பேசத் தடுப்பது, போனைச் சோதிப்பது, விசாவைச் சொல்லி மிரட்டுவது, கை ஓங்குவது, இவற்றில் எது நடந்தாலும் அது புது வாழ்க்கையின் தடுமாற்றம் ஆகாது. அன்றே உங்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த நாட்டின் அவசர எண்ணையும் நம் தூதரகத்தின் எண்ணையும் இப்போதே எழுதி, போனில் அல்லாமல் வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.