கல்பாக்கம் உலையில் சாதாரணத் தண்ணீரை நிரப்பினால்?

கேள்வி: கல்பாக்கம் மின்நிலையத்தில் இயற்கை யுரேனியமும் கனநீரும், கூடங்குளத்தில் செறிவூட்டிய யுரேனியமும் சாதாரணத் தண்ணீரும். கல்பாக்கம் உலையில் கனநீரை வடித்துவிட்டு நல்ல தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?

பதில்: உலை ஓடாது. அணுப்பிளவுத் தொடர்வினையைத் தொடங்கவே முடியாது. நியூட்ரான்களை வைத்து ஒரு வரவு செலவுக் கணக்கு போட்டுக் காட்டுங்கள், புரிந்துவிடும்.

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவது யுரேனியம்-235 மட்டுமே. அது இருப்பது 0.7 சதவீதம். மற்றதெல்லாம் யுரேனியம்-238. வேகம் தணிந்த 100 நியூட்ரான்களை இந்த எரிபொருள் விழுங்கினால், வீணாவது போகச் சுமார் 133 புதிய நியூட்ரான்கள் கிடைக்கும். அவற்றில் 100 மறுபடி எரிபொருளுக்குள் வந்தால்தான் வினை தொடரும். ஆகவே இழக்கக்கூடியது 33தான்.

பிறக்கும்போது நியூட்ரான்கள் மிக வேகமாக ஓடுகின்றன. வேகத்தைத் தணிப்பதில் சாதாரணத் தண்ணீர்தான் கெட்டி. ஹைட்ரஜன் அணுக்கருவும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே எடை. ஒரு கேரம் காய் இன்னொன்றில் நேராக மோதி அங்கேயே நின்றுவிடுவதுபோல, சுமார் 18 மோதல்களில் வேகம் அடங்கிவிடும். கனநீரில் ஹைட்ரஜனின் இடத்தில் இருக்கும், அதைவிட இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியத்துக்கு ஏறத்தாழ 25 மோதல்கள் வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்கவும் செய்கிறது, டியூட்டீரியத்தைவிட அறுநூறு மடங்குக்கும் மேலாக.

தண்ணீரைக் குறைத்தால் ஆகாதா என்று கெட்டிக்கார மாணவன் கேட்பான். குறைத்தால், நியூட்ரான் பாதி வேகத்திலேயே எரிபொருளில் போய் மாட்டிக்கொள்ளும். அந்த இடைப்பட்ட வேகங்களில் சிலவற்றில் யுரேனியம்-238 அதை ஆவலாகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரைக் கூட்டினாலோ ஹைட்ரஜன் தின்கிறது. எந்த விகிதத்தில் வைத்தாலும் 100க்குச் சற்றுக் குறைவாகவே கணக்கு முடிகிறது. கனநீர் உலையில் இந்த நெருக்கடி இல்லை. எரிபொருள் குழாய்களைச் சுமார் 23 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வைக்கலாம். நடுவிலுள்ள கனநீரில் நியூட்ரான் நிதானமாக அலைந்து, வேகம் தணிந்தபின் அடுத்த குழாய்க்குள் நுழையும்.

கூடங்குளத்தில் வரவே பெரிது. 4 சதவீதம் அளவுக்குச் செறிவூட்டிய எரிபொருளில் அதே 100க்கு ஏறத்தாழ 190 கிடைக்கும். ஹைட்ரஜன் தின்பதைத் தாங்கிக்கொள்ளலாம்.

கல்பாக்கத்தில் கனநீரின் தூய்மையும் இதே கணக்கில்தான் வருகிறது. 99.75 சதவீதத் தூய்மை என்றால் கலப்பு கால் சதவீதம்தான். ஆனாலும் அந்தக் கால் சதவீத ஹைட்ரஜன், மற்ற டியூட்டீரியம் மொத்தமும் சேர்ந்து விழுங்குவதைவிட அதிகம் விழுங்கும். தூய்மை சற்றே இறங்கினாலும் எரிபொருள் கட்டுகளை முன்கூட்டியே மாற்ற வேண்டிவரும். அதனால்தான் மாதிரி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நீர்த்துப்போன கனநீரை வாலைவடித்தல் முறையில் மறுபடி தூய்மையாக்குகிறார்கள்.