கெட்ட வார்த்தை சொன்னால் வலி குறையுமா?

"ஒரு பக்கத் தோள்பட்டை இறுகிப்போய் பிசியோதெரபிக்குப் போகிறேன். அவர் கையைப் பிடித்து மேலே தூக்கும்போது என்னை அறியாமல் கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது. அப்படித் திட்டினால் வலி குறையும் என்று ஆராய்ச்சியே இருப்பதாகத் தம்பி சொல்கிறான். நிஜமா மேடம்? எப்போதும் 'முருகா' என்று கூப்பிடும் அம்மாவுக்கும் அதே பலன் கிடைக்குமா?"

தம்பி கதை விடவில்லை. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸும் அவர் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் சொல்லியிருப்பார். செய்முறை எளிது. சுமார் 5 டிகிரி குளிரில் இருக்கும் தண்ணீரில் கையை முக்கி, தாங்க முடிகிற வரை வைத்திருக்க வேண்டும். 'சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தால் என்ன சொல்வீர்கள்?' என்று முன்கூட்டியே கேட்டு, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் அவரவருக்கான கெட்ட வார்த்தையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு தடவை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை, மேசையை வர்ணிக்கும் ஒரு சாதாரண வார்த்தை.

சாதாரண வார்த்தை சொன்னபோது ஆண்கள் சராசரியாக 147 நொடி தாங்கினார்கள், திட்டியபோது 190. பெண்களுக்கு 83 நொடி 120 ஆனது. வலியும் குறைவாகத் தெரிந்ததாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். வலி என்றாலே 'ஐயோ, இனி அவ்வளவுதான்' என்று மனதுக்குள் பெரிதாக்கிக்கொள்ளும் ஆண்களுக்கு மட்டும் திட்டியும் தாங்கும் நேரம் கூடவில்லை.

ஏன் இப்படி? திட்டும்போது இதயத் துடிப்பு கூடியிருந்தது. ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறதே, அந்த நேரத்தில் வலி உணர்வு தற்காலிகமாக மட்டுப்படும். கெட்ட வார்த்தை உடம்பின் அந்தத் தயார்நிலையைக் கிளப்பிவிடுகிறது என்பதுதான் அவர்கள் முதலில் சொன்ன விளக்கம். நல்ல விளக்கம்தான், ஆனால் முழுசாக நிற்கவில்லை. அதே ஸ்டீபன்ஸ் 2018-ல், திட்டிக்கொண்டே சைக்கிள் மிதிக்கவும் கைப்பிடியை இறுக்கவும் சொல்லிப் பார்த்தார். பலம் கூடியது, இதயத் துடிப்பில் மட்டும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 'இதைச் சொல்லக்கூடாது' என்ற தடையை உடைக்கும்போது மனசின் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்வதுதான் காரணமாக இருக்கலாம் என்று இப்போது யோசிக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை.

சத்தத்தில் ஒன்றும் இல்லை என்பது மட்டும் ஓரளவு தெளிவு. 2020-ல் 'ஃபௌச்', 'ட்விஸ்பைப்' என்று இரண்டு புதுக் 'கெட்ட வார்த்தை'களை உண்டாக்கிச் சொல்ல வைத்தார்கள். கேட்டால் சிரிப்பு வருகிறது, ஆனால் வலி தாங்கும் நேரம் கூடவில்லை. ஆங்கிலத்தின் பழைய, அசல் கெட்ட வார்த்தை சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்க வைத்தது. சின்ன வயதில் அதைச் சொல்லி அடி வாங்கியிருப்போம் இல்லையா, அந்தச் சுமைதான் வேலை செய்கிறது போலிருக்கிறது. இதை ஒட்டி 2011-ல் இன்னொன்றும் கண்டார்கள். நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தப் பலன் குறைவு. எனவே டிராஃபிக்கில் செலவழிக்காமல் மிச்சம் பிடித்து வையுங்கள்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். 'முருகா'வை யாரும் ஐஸ் தண்ணீரில் சோதித்ததாக நான் படித்ததில்லை. ஆனால் சிங்கப்பூரில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெறுமனே 'ஆவ்' என்று சொன்னவர்கள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தவர்களைவிட அதிக நேரம் தாங்கினார்கள். சும்மா பட்டனை அழுத்தியவர்களுக்கும் பலன் இருந்தது. அதாவது, வலிக்கும்போது உடம்பு ஏதோ ஒன்றைச் செய்தாலே கொஞ்சம் உதவுகிறது. எனவே 'முருகா' வீண் போகாது என்பது என் ஊகம். கெட்ட வார்த்தைக்கு அதற்கு மேலும் கொஞ்சம் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

இனி உங்கள் தோள்பட்டை. இந்தச் சோதனைகள் எல்லாம் ஆரோக்கியமானவர்களுக்குச் சில நிமிடம் கொடுத்த வலியில் நடந்தவை. மாதக்கணக்கில் இருக்கும் வலிக்கு இதே பலன் இருக்கும் என்று நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பிசியோதெரபிஸ்ட் கையைத் தூக்கிப் பிடிக்கும் அந்தச் சில நொடிகள் ஐஸ் தண்ணீருக்கு நெருக்கமானவைதான். அப்போது ஒரே வார்த்தையை, நிதானமாக, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சோதனையிலும் அப்படித்தான் சொன்னார்கள். 'சார், உங்களை இல்லை, வலியைத்தான்' என்று முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கட்டிலில் குழந்தைகள் இருந்தால் அம்மா வழிக்குப் போய்விடலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று உங்கள் வலியை வைத்துத்தான் அவர் முடிவு செய்கிறார். திட்டித் தாங்கிக்கொண்டு அவரை மேலே மேலே தூக்க விடாதீர்கள். பத்துக்கு எத்தனை வலி என்று அவ்வப்போது எண்ணில் சொல்லுங்கள். பயிற்சி முடிந்த பிறகும் வலி தணியாமல் மறுநாள் வரை அதிகமாகவே இருந்தால், அடுத்த முறை அவர் தூக்கும் அளவைக் குறைக்க வேண்டும்.