வாங்குமுன் கேளுங்கள்: null வந்தால் கனெக்டர் வாங்க வேண்டுமா?

உப்புவெளியிலிருந்து: ஆன்லைனில் கருவாடு விற்கிறேன். ஓடர் தாளையும் கூரியர்காரர் அனுப்பும் பணக் கணக்குத் தாளையும் கூகுளின் டாஷ்போர்ட் கருவியான லுக்கர் ஸ்டூடியோவில் தொலைபேசி இலக்கத்தை வைத்து இணைத்தேன். பாதிக்கு மேற்பட்ட வரிகளில் பணம் வரவேண்டிய இடத்தில் null என்று வருகிறது. டாஷ்போர்ட் செய்து தந்தவர் மாதக் கட்டணத்துக்கு ஒரு கனெக்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கவா?

வாங்காதீர்கள். கனெக்டர் தரவைக் கொண்டுவந்து போடும், அவ்வளவுதான். உங்கள் இரண்டு தாளும் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டன, ஒன்றையொன்று அடையாளம் காணவில்லை என்பதுதான் பிரச்சினை. நீங்கள் 077 123 4567 என்று எழுதியிருப்பீர்கள், கூரியர் தாளில் அதே ஆள் +94771234567 என்று இருப்பார், இன்னொரு வரியில் முன்னால் இருந்த 0 விழுந்து 771234567 ஆகியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். இணைப்புக்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள்.

முதலில் இரண்டு தாளிலும் அந்த இலக்க நிரலை Plain text ஆக மாற்றி, லுக்கர் ஸ்டூடியோவில் Refresh fields கொடுங்கள். அப்புறம் இரண்டு தரவு மூலங்களிலும் தனித்தனியாக இப்படி ஒரு புதிய புலம்:

```
RIGHT_TEXT(REGEXP_REPLACE(phone, "[^0-9]", ""), 9)
```

phone என்ற இடத்தில் உங்கள் நிரலின் பெயர் வரும். இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கடைசி ஒன்பதை மட்டும் எடுக்கும். மேலே சொன்ன மூன்றும் 771234567 ஆகிவிடும், நம்மூர் 026 இலக்கங்களுக்கும் இதுவே போதும். இணைப்பில் பழைய நிரலை எடுத்துவிட்டு இந்தப் புலத்தைச் சாவியாக வையுங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு இலக்கம் எழுதும் பழக்கம் இருந்தால் மட்டும் அதைப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் இருப்பதைத்தான் எடுக்கும்.

அன்புவழிபுரத்திலிருந்து: இலக்கம் இல்லை, வாடிக்கையாளர் பெயரை வைத்து இணைக்கலாமா?

வேண்டாம், ஒரே சிவகுமாரை நம் ஊரில் நாலு விதமாக எழுதுவார்கள், சிவகுமாரும் ஒருவர் இல்லை.

கிண்ணியாவிலிருந்து: எனக்கு இலக்கமெல்லாம் பொருந்துகிறது, ஆனால் கூரியர் தந்த பணம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. மென்பொருள் பிழையா?

இல்லை, உங்கள் வாடிக்கையாளர் இரண்டு தரம் வாங்கியிருக்கிறார். 4,500 ரூபாவுக்கும் 3,000 ரூபாவுக்கும் ஓடர் போட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். கூரியர் பக்கத்தில் தொலைபேசி இலக்கமும் பணமும் மட்டும் இருந்தால், அது முதலில் 7,500 என்று ஒரே வரியாகக் கூட்டப்படும். இணைப்பின் இடது பக்கமான ஓடர் தாளில் நீங்கள் ஓடர் இலக்கத்தையும் போட்டிருப்பதால் அங்கே இரண்டு வரி. இரண்டோடும் 7,500 ஒட்டிக்கொண்டு, கீழே மொத்தம் 15,000.

ஆள்வாரிக் கணக்குப் போதுமென்றால் ஓடர் இலக்கத்தை இடது பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஓடர்வாரியாக வேண்டுமென்றால், பார்சல் கொடுக்கும்போதே உங்கள் ஓடர் இலக்கத்தைக் கூரியர் பதிவில் எழுதச் சொல்லி, அதையே சாவியாக்குங்கள். இணைக்காத கூரியர் தாளின் மொத்தத்தைப் பக்கத்திலேயே ஒரு ஸ்கோர்கார்டாக வைத்தால் இந்தப் பிழை முதல் நாளே தெரிந்திருக்கும். கூட்டுத்தொகையைக்கூடப் பார்க்காமல் எப்படி ஐயா டாஷ்போர்டை ஏற்றுக்கொண்டீர்கள்?

மூதூரிலிருந்து: பல ஓடர்களுக்குக் கூரியர் பணம் 0 என்று வருகிறது. ஏமாற்றுகிறார்கள் போல. சண்டைக்குப் போகிறேன்.

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அந்த 0 கூரியர் போட்டதாக இல்லாமலும் இருக்கலாம். அட்டவணையின் Style பகுதியில் Missing data என்று ஒன்று இருக்கிறது, பொருந்தாத வரிகளுக்கு null காட்டவா, 0 காட்டவா என்று அங்கே தேர்ந்தெடுக்கலாம். டாஷ்போர்ட் விற்பவர்களில் ஒரு கூட்டம் null அசிங்கமாக இருக்கிறதென்று 0 ஆக்கிவிட்டுக் கையில் கொடுக்கும். எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல். நானும் காசு கொடுத்து வாங்கிய ஓர் அறிக்கையில் இதே வேலை நடந்து, ஒழுங்காகப் பணம் கட்டிய ஆளிடம் போய்க் கேள்வி கேட்டேன். null என்றால் "எனக்குத் தெரியாது", 0 என்றால் "பணம் வரவில்லை". முதலாவதை இரண்டாவதாக மாற்றி எழுதுவது அழகுபடுத்தல் இல்லை, பொய்க் கணக்கு. காய்கறிக் கடைக்காரர் இப்படிப் பில் போட்டால் விடுவோமா?

அதை null ஆக்குங்கள். பிறகு இணைப்பை Left outer இலிருந்து Full outer ஆக மாற்றி, இரண்டு பக்கத்துச் சாவிகளையும் அட்டவணையில் போடுங்கள். Left outer உங்கள் ஓடர்களை மட்டும் வைத்துக்கொண்டு, கூரியரிடம் மட்டும் இருக்கும் வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இப்போது அவையும் தெரியும், தொலைந்ததாக நினைத்த பணம் தவறான இலக்கத்தோடு அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும். அதற்குப் பிறகும் கூரியர் பக்கத்தில் எங்கேயும் இல்லாத ஓடர் மிஞ்சினால், அந்தப் பட்டியலோடு போங்கள், உங்கள் பக்கம்தான் நான். விற்றவருக்கு மீதிக் காசு கொடுக்க இருந்தால், அந்த 0 மாறும்வரை கொடுக்காதீர்கள்.